பாப்பாவின் சொட்டு மருந்துகள்: வீட்டுக்குப் போகும் முன் படிக்கவும்

அன்புள்ள பாப்பாவின் அம்மா, அப்பாவுக்கு,

நாளைக் காலை டிஸ்சார்ஜ் நேரத்தில் பில், பை, ஆட்டோ என்று ஓடிக்கொண்டிருப்பீர்கள், நான் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அதனால் இன்று ராத்திரி டூட்டியிலேயே எழுதி வைக்கிறேன்.

பாட்டில் இரண்டு. ஒன்று வைட்டமின் டி, இன்னொன்று இரும்புச்சத்து. அம்மா வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை இரும்பைச் சேர்த்து வைக்கும், நம் பாப்பா 31 வாரத்திலேயே வந்துவிட்டாள், அந்தச் சேமிப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. தாய்ப்பாலில் குறை ஒன்றும் இல்லை, அதை மட்டுமே கொடுங்கள், ஆனால் இந்த இரண்டும் அதில் குறைவு. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று பாட்டி சொல்வார், இவ்வளவு சின்னக் குழந்தைக்கு அது போதாது.

அளவு: வைட்டமின் டி தினம் 1 மி.லி., அதாவது 400 யூனிட். இரும்பு தினம் 0.4 மி.லி., அதாவது 4 மி.கி.; இப்போதைய எடை 1.85 கிலோவுக்கு டாக்டர் போட்ட கணக்கு இது, எடை ஏற ஏற மாறும். 'நாலு சொட்டு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் கொடுத்த 1 மி.லி. சிரிஞ்சில் கோடு பார்த்து எடுங்கள். மருந்துக்கடையில் வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால் லேபிளைப் பார்க்காமல் ஊற்றவே கூடாது. உங்களிடம் உள்ள இரும்பு மருந்தில் 1 மி.லி.க்கு 10 மி.கி., சிலதில் 25 மி.கி. இருக்கும், அதே 0.4 மி.லி. கொடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். வைட்டமின் டியிலும் 800 யூனிட் பாட்டில் வருகிறது. சந்தேகம் என்றால் பாட்டிலை போட்டோ எடுத்து வார்டு நம்பருக்கு அனுப்புங்கள், எத்தனை மணியானாலும் சரி.

கொடுக்கும் விதம் நேற்றே செய்து பார்த்தீர்கள்: தலையைக் கொஞ்சம் உயர்த்தி, சிரிஞ்சைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து, துளித்துளியாக, அவள் விழுங்க விழுங்க. தொண்டையில் பீய்ச்சக் கூடாது. பாலாடை நிறையப் பாலில் கலக்கவும் வேண்டாம், பாதியில் தூங்கிவிட்டால் மருந்து எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. கக்கிவிட்டால் திரும்பக் கொடுக்காதீர்கள், ஒருநாள் மறந்தாலும் மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம்.

மலம் கரும்பச்சையாக, கறுப்பாகப் போகும். பயப்படாதீர்கள், இரும்பின் நிறம் அது. ஆனால் சிவப்பாக ரத்தம் தெரிந்தாலோ, தார் மாதிரி ஒட்டினாலோ, வயிறு உப்பிப் பால் குடிக்க மறுத்தாலோ உடனே கூட்டிவாருங்கள்.

இன்னொன்று, இதை அப்பாவுக்கென்றே எழுதுகிறேன். வீட்டில் நாலு வயது அக்கா இருக்கிறாள். இரும்பு மருந்து இனிப்பாக இருக்கும், அவள் எடுத்துக் குடித்தால் ஆபத்து, பீரோவில் பூட்டி வையுங்கள். குடித்துவிட்டால், நன்றாகத்தானே விளையாடுகிறாள் என்று காத்திருக்காமல் பாட்டிலோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை இரண்டும் தொடர வேண்டும், பெரும்பாலும் ஒரு வயதுவரை. புதன்கிழமை எடை பார்க்க வரும்போது இரண்டு பாட்டிலையும், சிரிஞ்சையும் கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தை வார்டு நைட் சிஸ்டர்