திங்கட்கிழமை பேங்க் கூட்டத்துக்கு: 2024-25 ஆண்டறிக்கைச் சுருக்கம்

பெறுநர்: தலைவர், பொது சுத்திகரிப்பு நிலையம்
அனுப்புநர்: கணக்குப் பிரிவு

ஐயா,

வேலூரில் பேங்க் அதிகாரிகளைப் பார்க்கும்போது கையில் வைத்துக்கொள்ள இந்தக் குறிப்பு. தொகை எல்லாம் ரூபாய் லட்சத்தில், மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுகளுக்கு.

| | 2023-24 | 2024-25 | மாற்றம் |
|---|---|---|---|
| சுத்திகரிப்புக் கட்டண வருவாய் | 2,184.6 | 2,318.4 | +6.1% |
| இதர வருமானம் | 41.2 | 98.7 | +57.5 |
| மொத்தச் செலவு | 2,186.2 | 2,356.2 | +7.8% |
| இதில் மின்சாரம் | 702.3 | 798.9 | +13.8% |
| இதில் பழுதுபார்ப்பு | 164.9 | 221.3 | +34.2% |
| வரிக்கு முந்தைய உபரி | 39.6 | 60.9 | +53.8% |
| உறுப்பினர் நிலுவை | 312.4 | 471.6 | +51.0% |
| பேங்க் கடன் | 1,042.0 | 918.0 | -11.9% |

அறிக்கையின் முதல் பக்கத்தில் “உபரி 54 சதவீதம் உயர்வு” என்று போட்டிருக்கிறோம். கணக்குப்படி சரி. ஆனால் இதை நீங்கள் முதலில் எடுத்துச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. இதர வருமானத்தில் 52.0 லட்சம் எவாப்பரேட்டர் பழுதுக்கு வந்த இன்சூரன்ஸ் பணம். அந்தப் பழுதுக்கு நாம் செலவழித்த 58.0 லட்சம் முந்தைய ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. செலவு ஒரு வருடத்தில், வரவு அடுத்த வருடத்தில். இரண்டையும் நீக்கினால் வழக்கமான உபரி 97.6-இலிருந்து 8.9 லட்சமாக இறங்கியிருக்கிறது. பேங்க்காரர்கள் அதே கழித்தலை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். நாமே சொல்லிவிடுவது நல்லது.

அதே முறையில் பார்த்தால் பழுதுபார்ப்புச் செலவும் 34 சதவீதம் ஏறியதாகச் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டின் 58.0 லட்சத்தை எடுத்துவிட்டால் 106.9 லட்சம் 221.3 ஆகியிருக்கிறது, இரண்டு மடங்குக்கு மேல். எந்தெந்த இயந்திரத்துக்கு என்பது அறிக்கையில் பிரித்துக் காட்டப்படவில்லை. பிளான்ட் மேனேஜரிடம் பட்டியல் கேட்டிருக்கிறேன்.

வருவாய் ஏறியது கழிவுநீர் அதிகம் வந்ததால் அல்ல. நாள் சராசரி 1,920 கிலோலிட்டரிலிருந்து 1,836 ஆகக் குறைந்திருக்கிறது (-4.4%). உறுப்பினர்கள் 86-லிருந்து 83 ஆனார்கள். சில தோல் ஷாப்காரர்கள் பச்சைத் தோலை விட்டுவிட்டு வெட் புளூ வாங்கி ஃபினிஷிங் மட்டும் செய்கிறார்கள். ஒரு கிலோலிட்டருக்கு நாம் வாங்கியது ரூ. 379-இலிருந்து ரூ. 421 ஆனது. ரேட்டை ஏற்றித்தான் தாக்குப்பிடித்தோம். அடுத்த ஆண்டும் அதையே செய்ய உறுப்பினர்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு கேள்வி.

மின்சாரம்: 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தது உண்மைதான், சராசரியாக 4.83 சதவீதம். நமக்கோ ஒரு கிலோலிட்டருக்கான மின்செலவு ரூ. 122-இலிருந்து ரூ. 145 ஆகியிருக்கிறது, 19 சதவீதம். கட்டண உயர்வு மட்டும் இதற்குக் காரணமாகாது. தண்ணீர் குறைந்தாலும் புளோயர்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன. மொத்தச் செலவில் மின்சாரத்தின் பங்கு 32.1-இலிருந்து 33.9 சதவீதம், இதை “1.8 சதவீதம் உயர்வு” என்று சொன்னால் தப்பு, 1.8 சதவீதப் புள்ளிகள் என்று சொல்லுங்கள்.

நிலுவைதான் எனக்கு உறுத்துகிறது. 52 நாள் வருவாய்க்குச் சமமாக இருந்தது இப்போது 74 நாளுக்கு வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கி 88.0-இலிருந்து 196.5 லட்சம். வசூலாகாது என்று இதற்கு ஒதுக்கீடு எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் மேலே சொன்ன 8.9 லட்சமும் நின்றிருக்காது.

ஒரு எச்சரிக்கை: சென்ற ஆண்டு அறிக்கையை யாராவது பக்கத்தில் வைத்திருந்தால் அதில் நிலுவை 297.8 என்று இருக்கும். இந்த ஆண்டு 14.6 லட்சம் டெபாசிட் பாக்கியை இந்தத் தலைப்புக்கு மாற்றியிருக்கிறார்கள் (குறிப்பு 9). இந்த ஆண்டு அறிக்கையின் முந்தைய ஆண்டுப் பத்தியில் உள்ள 312.4-ஐத்தான் எடுத்திருக்கிறேன்.

நல்ல செய்தியும் உண்டு. கடன் தவணை ஒன்றுகூடத் தவறவில்லை; வட்டி 98.6-இலிருந்து 87.2 ஆகக் குறைந்தது. கெமிக்கல் செலவும் 2.2 சதவீதம் இறங்கியிருக்கிறது, ஆனால் தண்ணீர் 4.4 சதவீதம் குறைந்ததை வைத்துப் பார்த்தால் அதில் பெருமைப்பட எதுவுமில்லை.

கலப்பு உப்பைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கொட்டகையில் இருப்பு 14,200 டன்னிலிருந்து 15,900 டன். அகற்றும் செலவுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்தே இந்த மாவட்டத்துத் தோல் தொழிலின் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கிறது. இதற்கான பதிலை நீங்களும் செயலாளரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எண்களில் அதற்குப் பதில் இல்லை.

ஆண்டறிக்கையின் நகலில் 17, 29, 41-ஆம் பக்கங்களில் மஞ்சள் ஒட்டுச்சீட்டு வைத்திருக்கிறேன்.