முந்தைய பரிந்துரைக் கடிதத்திற்கு மாற்றாக

பாளையங்கோட்டை
12.06.2024

பெறுநர்
தலைவர், தேர்வுக் குழு,
ஓலைச்சுவடிப் பதிப்புப் பயிற்சித் திட்டம்,
சென்னை.

பொருள்: செல்வி மு. கயல்விழி – பயிற்சிக்குப் பரிந்துரை – திருத்திய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கல்லூரியில் முதுகலைத் தமிழ் பயின்ற செல்வி மு. கயல்விழிக்காகச் சென்ற வாரம் தங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தேன். அவர் அறிவுக்கூர்மை மிக்கவர், கடின உழைப்பாளி, நேர்மையானவர், பொறுமைசாலி என்று அதில் எழுதியிருந்தேன். மறுமுறை படித்துப் பார்த்தபோது, பெயரை மட்டும் மாற்றினால் என்னிடம் பயின்ற பலருக்கும் அது பொருந்தும் என்பதை உணர்ந்தேன். ஓர் ஆண்டுக்கு மேல் அருகிலிருந்து பார்த்த ஒரு மாணவிக்கு அது நியாயம் ஆகாது. எனவே அக்கடிதத்தை விலக்கிக்கொண்டு, தாங்கள் விதித்த இரண்டு பக்க வரம்புக்குள்ளேயே, அந்தச் சொற்கள் இருந்த இடத்தில் நான் நேரில் கண்டவற்றை எழுதுகிறேன்.

கயல்விழி தம் ஆய்வேட்டுக்காகத் திருவைகுண்டம் அருகே ஒரு சித்த மருத்துவர் குடும்பத்தில் இருந்த 84 ஏடுகள் கொண்ட மருத்துவச் சுவடி ஒன்றைப் படியெடுத்தார். சுவடியை வெளியே கொடுக்கவோ படம் எடுக்கவோ அக்குடும்பத்தார் இசையவில்லை. அதனால் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் பேருந்தில் சென்று, அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கையாலேயே எழுதி வந்தார். கயிறு அறுந்து ஏடுகள் முன்பின்னாகக் கலந்திருந்தன. இடப்பக்க ஓரத்தில் இருந்த தமிழ் எண்களுள் பல தேய்ந்து போயிருந்தன. எண் தெரியாத ஏடுகளை, பூச்சி அரித்த துளைகள் அடுத்தடுத்த ஏடுகளில் ஒரே இடத்தில் அமைவதைக் கொண்டு அவர் வரிசைப்படுத்தினார். இந்த வழியை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடல்களின் தொடர்ச்சியை வைத்து நான் சரிபார்த்தபோது இரண்டு ஏடுகள் மட்டுமே இடம் மாறியிருந்தன.

குழு குறிப்பாகக் கருத வேண்டும் என்று நான் விரும்பும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஏடுகளில் புள்ளி இடுவதில்லை என்பதும், எகர ஏகார வேறுபாடு காட்டுவதில்லை என்பதும் தாங்கள் அறிந்ததே. துருசு சேரும் ஒரு மருந்துப் பாடலின் இறுதியில் ‘மெல’ என்ற எழுத்துகளோடு ஏடு ஒடிந்திருந்தது. அதை ‘மேல்’ என்று கொண்டால் உடம்பின் மேல் பூசும் மருந்து. ‘மெல்’ என்று கொண்டால் வாயிலிட்டு மெல்லும் மருந்து. இரண்டும் நேரசையே ஆதலால் யாப்பும் துணைக்கு வரவில்லை. துருசு நஞ்சாகக்கூடிய சரக்கு என்பதால் ‘மேல்’ என்றே எழுதிவிடலாம் என்று நானே கூறினேன். அவர் அதற்கு உடன்படாமல், நமக்குப் பொருந்துவதாகத் தோன்றுவது வேறு, ஏட்டில் இருப்பது வேறு என்று பணிவாகச் சொல்லி, இரண்டு பாடங்களையும் அடிக்குறிப்பில் தந்து, மூலத்தில் அவ்விடத்தை முடிவு செய்யாமல் விட்டார். ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பிறகு, அதே குடும்பத்தின் மற்றொரு கிளையாரிடம் இருந்த படியில் ‘மேலுக்கிட’ என்று முழுமையாக இருந்ததைக் கண்டுபிடித்த பின்னரே திருத்தினார். எந்த ஏட்டை ஆதாரமாகக் கொண்டு திருத்தினார் என்பதையும் பதிவு செய்தார். என் கருத்து சரியாகவே அமைந்தது என்றாலும், அவர் காத்திருந்த முறையே பதிப்பாசிரியருக்கு உரிய முறை என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவரிடம் உள்ள குறைகளையும் சொல்வது என் கடமை. கிரந்த எழுத்துகளை அவர் இன்னும் தயங்கியே படிக்கிறார். வடமொழிச் சுலோகங்கள் கலந்த ஏடுகளைத் தொடக்கத்திலேயே தனியாக அவரிடம் ஒப்படைக்க வேண்டாம். பணியில் வேகமும் குறைவு: ஆய்வேட்டை மூன்று வாரம் தாமதித்தே ஒப்படைத்தார். பலம், கழஞ்சு, வராகனெடை முதலிய அளவைக் குறியீடுகளை ஒவ்வொன்றாக மீண்டும் ஒப்பிட்டதே அதற்குக் காரணம். அந்த ஒப்பீட்டில் தம்முடைய முதல் படியில் இருந்த ஏழு பிழைகளை அவரே கண்டறிந்து, அவற்றின் பட்டியலையும் ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார்.

சுவடி படிக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. ஏடுகளைத் தூய்மை செய்து எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது, மை தடவி எழுத்தைத் துலக்குவது, விளக்க அட்டவணை தயாரிப்பது ஆகியவற்றை முறையாகக் கற்றுக்கொள்ளும் வசதி எங்கள் துறையில் இல்லை. தங்கள் பயிற்சியில் அவருக்கு ஓர் இடம் அளிக்குமாறு உளமாரப் பரிந்துரைக்கிறேன். அவருடைய படியையும் அடிக்குறிப்புகளையும் குழு பார்வையிட விரும்பினால் உடனே அனுப்பி வைக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
இரா. செந்தில்நாயகம்
இணைப் பேராசிரியர், தமிழ்த்துறை