வளைகாப்பு விருந்து: சாப்பாட்டு விவரம்

சமையல் மாஸ்டர் அண்ணனுக்கு,

வணக்கம். நவம்பர் 23, கார்த்திகை 7, ஞாயிற்றுக்கிழமை மகளின் வளைகாப்புக்கு நேற்று போனில் பேசியதை எழுத்திலும் உறுதி செய்கிறேன்.

காலை டிபன் 120 பேருக்கு, ஏழரை மணிக்கே இலை போட்டுவிட வேண்டும். இட்லி, வெண்பொங்கல், மெதுவடை, சாம்பார், இரண்டு சட்னி, கேசரி, காபி. வளையல் அடுக்குவது ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். சடங்குக்கான ஐந்து வகைச் சாதமும் (புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல்) எட்டே முக்காலுக்கு மேடைக்கு வந்துவிடட்டும். புளியோதரைக்கு நல்லெண்ணெய்தான் அண்ணே; பிள்ளை இந்த மாதம் முழுக்க அதைத்தான் கேட்கிறாள்.

மதியம் 250 பேர், பந்திக்கு 80 இலை. முதல் பந்தி பதினொன்றே முக்கால், கடைசிப் பந்தி ஒன்றரைக்குள் முடிந்தால் நல்லது. சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், அவியல், பீன்ஸ் பொரியல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வடை, பால் பாயசம்.

உறவில் மாலை போட்டவர்கள் 15 பேர் வருகிறார்கள். அவர்களுக்கு வெங்காயம், பூண்டு இல்லாமல் தனிப் பாத்திரத்தில் சமைத்து, முதல் பந்தியிலேயே தனி வரிசையாகப் பரிமாறுங்கள். போன விசேஷத்தில் வேறொருவர் ஒரே கரண்டியை எல்லாவற்றுக்கும் போட்டதால் பெரியப்பா சாப்பிடாமலே எழுந்துவிட்டார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆள் கணக்கு கூடினால் வியாழக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுகிறேன். முன்பணம் 25,000 தந்தாயிற்று; மீதியை விருந்து முடிந்ததும் கையில் தருகிறேன். முதல் இலை மகளுக்கு. நீங்களே வந்து பரிமாறுங்கள்.

அன்புடன்,
கலா
தஞ்சாவூர்