ஆடி 18 கூட்டாஞ்சோறு: எந்த வீடு, என்ன பதார்த்தம்

இடம்: கிருஷ்ணகிரி அணைப் பூங்கா, மதியம் 12.30

தலைக்கணக்கு: பெரியவர்கள் 40, குழந்தைகள் 12. குழந்தைக்கு அரைப் பங்கு வைத்தால் 46 பங்கு. பங்குக்கு 120 கிராம் அரிசி, ஆக ஐந்தரை கிலோ.

எழுதியாகிவிட்டது:
1ஆம் வீடு: புளியோதரை, ஒன்றரை கிலோ
4ஆம் வீடு: எலுமிச்சை சாதம், ஒன்றரை கிலோ
5ஆம் வீடு: தயிர் சாதம், ஒன்றரை கிலோ. அக்கா, பால் கூடுதலாக ஊற்றிப் பிசையுங்கள், மதியத்துக்குள் புளிக்காது.
7ஆம் வீடு: தேங்காய் சாதம், சாமையில், 1 கிலோ
2, 3ஆம் வீடுகள்: மசால் வடை, தலா 52 (ஆளுக்கு இரண்டு)
6ஆம் வீடு: மாங்காய் ஊறுகாய். எல்லார் வீட்டிலும் இருக்கும், ஒரு ஜாடி போதும்.

சாதக் கணக்கு சரியாகிவிட்டது. இனி யாரும் சாதம் எழுத வேண்டாம். போன முறை நான்கு குண்டான் புளியோதரை வந்து, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

இன்னும் வேண்டியவை (8 முதல் 11 வரையுள்ள வீடுகள், ஆளுக்கு ஒன்று):
உருளைக்கிழங்கு வறுவல், கிழங்கு 4 கிலோ
சர்க்கரைப் பொங்கல், அரிசி 1 கிலோ
அப்பளம் 60, வாழையிலை 60
குடிதண்ணீர், 20 லிட்டர் கேன் 3

12ஆம் வீட்டுப் பாட்டி எதுவும் செய்ய வேண்டாம், சாப்பிட வந்தால் போதும்.

விருந்தாளி கூடினால் முந்தின நாள் மாலைக்குள் 4ஆம் வீட்டில் சொல்லுங்கள். அப்புறம் அரிசி ஊறப்போட்டுவிடுவோம்.