இரண்டு பக்கத்தாலயும் எழுதின கொப்பி

படத்தில நான் இல்லை. முகத்தைப் போட்டால் "ஐயோ, மெலிஞ்சு போனாய்" எண்டு நாற்பது பேர் எழுதுவியள். நாற்பது பேருக்கும் மறுமொழி எழுத எனக்குப் பஞ்சியாக் கிடக்கு. அதால கொப்பியைப் போட்டிருக்கிறன். மகளின்ர கணக்குக் கொப்பி, முதல் மூண்டு பக்கம் கிழிச்சது.

மார்கழியில எனக்கு எலிக்காய்ச்சல். சிறுநீரகம் ரெண்டும் படுத்திட்டுது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில ஒரு இரவு, பிறகு அம்புலன்சில ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி. நாலு தரம் டயலிசிஸ். போன கிழமை கிளினிக்கில இரத்தம் பார்த்திட்டு, கிரியேற்றினின் 1.1, இனி ஆறு மாசத்தால வந்தாப் போதும் எண்டிட்டினம். வருத்தத்தின்ர கதை அவ்வளவுதான்.

சலம் போகாத ஆளுக்கு வாட்டில ஒரு கணக்கு எழுதவேணும். உள்ளுக்குப் போனது எவ்வளவு, வெளிய வந்தது எவ்வளவு. பகல் எழுத்து மனுசியின்ர: "பிளேன்ரீ 100, குளிசையோட தண்ணி 30, கஞ்சி 150." எதிரில "சலம் 40". அடுத்தநாள் முழுக்க 110தான். இரவில ஆம்பிளையள் வாட்டில பொம்பிளையளை நிக்க விடமாட்டினம், அதால இரவு எழுத்து மச்சான்ர. அவன் மேசன். எழுத்தும் கல்லு அடுக்கினமாதிரித்தான் இருக்கு. "2.40 – 35 மில்லி", "4.15 – 20 மில்லி". விடிய "நித்திரை கொண்டனியோடா" எண்டு கேட்டால், "நல்ல நித்திரை அத்தான்" எண்டுதான் ஒவ்வொரு நாளும் சொன்னவன். வீட்டை வந்து கொப்பியைப் பிரட்டேக்கதான் பிடிபட்டான்.

ஒன்பதாம் நாள் 1850. அதைச் சுத்திச் சிவப்புப் பேனையால வட்டம் போட்டு, பக்கத்தில ஒரு சிரிச்ச முகம் கீறியிருக்கிறது வாட்டு மிஸ். தெற்குப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. "சலம்", "நோ", "சாப்பிட்டதா" எண்ட மூண்டு சொல்லை வைச்சுக்கொண்டே எங்கட பக்கத்துக் கட்டில் எல்லாத்தையும் பார்த்தவா. மிஸ், இதை ஆராவது உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவினம். போஹொம ஸ்துதி.

தாடி வழிச்சுவிட்ட சிற்றூழியர் ஐயாவுக்கும் நன்றி. அவர் வழிச்சது கோணல்தான்.

மாமி விடிய அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சி, முதல் பஸ்ஸில கொண்டக்டரிட்டச் சுடுதண்ணிப் போத்தலைக் குடுத்து விடுவா. அந்தத் தம்பி ஒருநாளும் காசு வாங்கேல்லை. திரும்பி வாற பஸ்ஸில வெறும் போத்தலையும் கொண்டுவந்து குடுத்திருக்கிறான். பிள்ளையள் ரெண்டையும் சித்தி பள்ளிக்கூடம் விட்டவா. தலைக்கு எண்ணெய் வைச்சு இழுத்ததெண்டு மகளிட்ட இப்பவும் முறைப்பாடு இருக்கு.

இனிக் கொப்பியைக் கவிழ்த்துப் பிடியுங்கோ. பின்பக்கத்தால எழுதினது பக்கத்து வயல் அண்ணை. பார்க்க வந்த இடத்தில, என்னோட கதைச்சால் நான் எழும்பி இருந்து விசாரிப்பன் எண்டு, மனுசியிட்டக் கொப்பியை வாங்கி எழுதி வைச்சிட்டுப் போனவர். "ரெண்டாம் யூரியா போட்டாச்சு. மழைக்கு மேற்கு வரம்பு உடைச்சது, கட்டியாச்சு. வடிகால் வெட்டிவிட்டது. கூலி கதைக்கக்கூடாது." யூரியா நானெண்டால் அவ்வளவு போடமாட்டன். ஆனால் இந்த முறை வாய் திறக்கேல்லை. ஏக்கருக்கு 24 மூடை விழுந்திருக்கு, அதுக்குமேல என்ன கதைக்கிறது?

இதில பிழை என்ர. விதைப்புக்கு முதல் பி.எச்.ஐ. தந்த டொக்சிசைக்கிளின் குளிசை சாமிப்படத்துக்குப் பின்னால அப்பிடியே கிடந்தது. காலில மண்வெட்டி வெட்டின காயம், எலி மூத்திரம் கலந்த தண்ணி, வேறென்ன வேணும்? கெண்டைக்கால் நொந்ததை வேலை அலுப்பெண்டு நினைச்சு, மூண்டு நாள் பனடோலோட திரிஞ்சன். வயலுக்க இறங்கிற ஆக்கள் கிழமைக்கு ஒருக்காக் குடிக்கச் சொல்லித் தாறதைக் குடியுங்கோ. காய்ச்சலோட கண் சிவந்தால், சலம் குறைஞ்சால் நிண்டு பாக்காதேங்கோ.

காசு அனுப்பட்டோ எண்டு கேட்ட வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு: தேவைப்படேல்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு சதம் குடுக்கேல்லை, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும்தான் முடிஞ்சது. கேட்டதே பெரிய விசயம். பார்க்க வாறவை அப்பிளும் மா டின்னும் கொண்டு வரவேண்டாம், அலுமாரி நிறைஞ்சிட்டுது. சும்மா வாங்கோ, தேத்தண்ணி இருக்கு.

சனிக்கிழமை மில்லால அரிசி வருகுது. மச்சான், மோட்டர் சைக்கிளில வராத, லான்ட்மாஸ்டர் கொண்டு வா. மாமிக்கும் சித்திக்கும் உனக்கும் ஏத்தவேணும். அண்ணை, உங்கட பங்கு நெல்லாவே நிக்குது, ரெண்டு மூடை. கூலி இல்லை, கைமாத்து. பின்பக்கத்தில, உங்கட எழுத்துக்குக் கீழ எழுதி வைச்சிருக்கிறன்.