கொல்லை வேலி

"வேலி மட்டும் வேணாம்மா. அம்மாவுக்கு எண்பது வயசு, மண்டபத்துல பேனர் வைக்கிறோம். அப்பாவும் அம்மாவும் நிக்கிறாங்க, பின்னாடி அந்த மாமரம் தெரியணும், அவ்வளவுதான்" என்றார் ராமலிங்கம்.

கல்யாணப் போட்டோவின் பிரிண்ட் பழுத்துப் போயிருந்தது. நல்லவேளை, பட்டர் பேப்பர் உறைக்குள் நெகட்டிவும் இருந்தது. 120 ஃபிலிம், ஆறுக்கு ஆறு. கலைச்செல்வி அதை 3200 டிபிஐயில் ஸ்கேன் செய்தாள். பிரிண்டில் வெறும் கறுப்பாகக் கிடக்கும் இடத்திலும் நெகட்டிவில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். மணப்பெண்ணின் கன்னத்தில் சின்னச் சின்னப் பென்சில் கோடுகள் தெரிந்தன. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின் மேலேயே பென்சில் வைத்து முகத்தைச் சீர்படுத்தியிருக்கிறார். கலைச்செல்வியின் அப்பாவும் மன்னார்குடியில் அதே வேலையைத்தான் செய்தார். அந்தக் கோடுகளை அவள் தொடவில்லை.

மூங்கில் பிளாச்சு வேலி. பிளாச்சுக்கும் பிளாச்சுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அதற்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை நிழல். நிழலை வெளிச்சமாக்கிவிட்டு, இடதுபுறத்திலிருந்து ஒவ்வொரு பிளாச்சாக மறைத்து, இருபக்கச் சந்திலும் தெரிவதை எடுத்து நிரப்பிக்கொண்டு வந்தாள். வைக்கோல், சுவர், மறுபடி வைக்கோல். கைக்குப் பழகிய வேலை.

மாப்பிள்ளையின் தோளைத் தாண்டியதும் சந்துகளில் வெள்ளை வந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர் என்று நினைத்துத்தான் நிரப்பினாள். மூன்று சந்து சேர்ந்ததும் வெள்ளை சரிந்து இறங்கியது. எந்தச் சுவரும் அப்படிச் சரியாது. அது தோள்.

கையை எடுத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு சந்தில் ஒரு கண், கன்னத்தில் பாதி, எதுவும் போடாத காது. அடுத்த பிளாச்சில் மூங்கில் கணு என்று அவள் எண்ணியிருந்த நான்கு மேடுகளும் விரல்கள். பின்னாலிருந்து பிளாச்சைச் சுற்றிப் பிடித்திருந்த விரல்கள். அந்தப் பிளாச்சை எடுத்தால் விரல்கள் அந்தரத்தில் நிற்கும். முகத்தின் மறுபாதியோ இன்னொரு பிளாச்சுக்கு அடியில். அங்கே எதை வைத்தாலும் அது அவள் கற்பனையாகத்தான் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவருக்கு மூக்கும் வாயும் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. போனை எடுத்தாள்.

ராமலிங்கம் மறுநாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். திரையைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. "யாரோ வேலைக்காரியா இருக்கும். வெள்ளைப் புடவை வேற. நல்ல காரியத்துல எதுக்கு? அழிச்சிடுங்க."

தனலட்சுமி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். வெகு நேரம் பேசவில்லை.

"அன்னிக்கும் இதையேதான்டா சொன்னாங்க."

"யாருமா இவங்க?"

"உங்கப்பாவோட அம்மா. எங்க அத்தை. தாலி கட்டுறப்ப எதிர்ல வரக்கூடாதுன்னு பெரியவங்க உத்தரவு. விடிய விடிய அரிசி களைஞ்சு, காய் நறுக்கிப் போட்டது அவங்கதான். பந்தல்ல வெளிச்சம் பத்தலன்னு போட்டோக்காரர் எங்களைக் கொல்லைக்குக் கூட்டிட்டு வந்தாரு. பின்னாடி நிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது பாப்பா. தெரிஞ்சிருந்தா…" பாதியில் விட்டார்.

ராமலிங்கம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "ஆடி அமாவாசைக்குத் தாத்தா படம் மட்டும்தான் வச்சுப் படைப்போம். அப்பாயி படம் எங்கேன்னு சின்னதுல கேட்டிருக்கேன். எடுக்கலன்னு சொன்னீங்க."

"எடுக்கல. அவங்களை யாரும் நிக்கவச்சு எடுக்கல."

கலைச்செல்வி சிக்கலைச் சொன்னாள். வேலி முழுக்கப் போனால் அவர் கல்யாணக் கூட்டத்தோடு சேர்ந்து நின்றதுபோல ஆகிவிடும், அப்படி நடக்கவில்லை. அதோடு பாதி முகம் படத்திலேயே இல்லை.

"வேலி இருக்கட்டும்" என்றார் தனலட்சுமி அம்மாள். "அவங்களை அங்க நிறுத்தினது பொய்யில்லையே. கை பிடிச்சிருக்கிற குச்சியையும் விட்டுடு. முகத்துக்கு நேரா இருக்கே, அது ஒண்ணை மட்டும் எடு."

"எடுத்தா அங்க என்ன வைக்கிறதும்மா?"

"நான் சொல்றேன். பதினோரு வருஷம் அவங்க கையால சாப்பிட்டவ நான்."

"பேனருக்கும் இதேதானா?" என்று கலைச்செல்வி ராமலிங்கத்தைப் பார்த்தாள்.

"இதேதான்" என்றார் அவர். "அப்பாயி தெரியற மாதிரி கொஞ்சம் அகலமா வையுங்க."

கலைச்செல்வி புது லேயர் திறந்து, இருந்த கண்ணைப் பார்த்து மறுகண்ணின் இடத்தை மெல்லக் குறித்தாள். தனலட்சுமி அம்மாள் மானிட்டரில் விரல் வைத்தார்.

"அவ்வளவு கூர்மூக்கு இல்ல பாப்பா. கொஞ்சம் சப்பையா இருக்கும். மூக்குத்தி கழட்டின துளை ரெண்டு பக்கமும் அப்படியே இருந்துச்சு, அதையும் வை."