தெருநாய்கள், நாய்க்கடி: 5.10.2025 இணையவழிக் கூட்டத்தின் குறிப்புகள்

மேடவாக்கம், பள்ளிக்கரணை சுற்றுவட்டாரக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு, ஞாயிறு காலை 10.30 முதல் 12.50 வரை. அதிகபட்சமாக ஒரே நேரத்தில் 412 பேர் இணைந்திருந்தார்கள். பதில் சொன்னவர்கள்: அரசு மருத்துவமனையில் நாய்க்கடிப் பிரிவில் வேலை பார்த்த ஒரு டாக்டர், கருத்தடை மையம் ஒன்றில் பணியாற்றும் கால்நடை மருத்துவர், நம் உறுப்பினரான வழக்கறிஞர் அம்மா, அப்புறம் பல வருடமாகத் தெருநாய்களுக்குச் சோறு வைக்கும் தன்னார்வலர் ஒருவர். தலைவர் நடத்தினார், குறிப்பு எடுத்தது செயலாளராகிய நான்.

மணி ஒன்பதரைக்கே சாட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. அதனால் தலைவர் எடுத்த எடுப்பில் எல்லோரையும் மியூட் செய்துவிட்டு, கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னார். வந்த கேள்விகள் இருநூறுக்கு மேல், அதில் பாதி ஒரே கேள்வியின் வேறு வேறு வடிவம். அதனால் யார் எப்போது கேட்டார்கள் என்று வரிசையாக எழுதாமல் விஷயவாரியாகச் சேர்த்திருக்கிறேன். வசவுகளை விட்டுவிட்டேன்.

கடித்தால் என்ன செய்வது

கூட்டத்தின் பாதி நேரம் இதற்கே போனது, போனதும் சரிதான். "நாய் கடித்தது, ஆனால் ரத்தம் வரவில்லை, ஊசி தேவையா?" என்று மட்டும் பதினைந்து பேருக்கு மேல் கேட்டிருந்தார்கள். டாக்டர் மூன்று வகையாகப் பிரித்துச் சொன்னார். நாய் தொட்டது, காயமில்லாத தோலை நக்கியது என்றால் கழுவினால் போதும், ஊசி வேண்டாம். ரத்தம் வராத சிறு கீறல், பல் லேசாகப் பட்டது என்றால் ரேபீஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி வேண்டும். தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடி, ஏற்கனவே இருந்த புண்ணில் நக்கியது, கண், வாய், மூக்கில் எச்சில் பட்டது என்றால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் வேண்டும். இந்த இரண்டாவது மருந்தைக் காயத்தைச் சுற்றியும் உள்ளேயும் போடுவார்கள். தடுப்பூசி வேலை செய்து உடம்பில் எதிர்ப்புச் சக்தி வரச் சில நாள் ஆகும், அதுவரை காயத்திலேயே கிருமியைத் தடுக்கத்தான் இது. "ஊசி போட்டாச்சு" என்று வீட்டுக்கு வந்துவிடாமல், ரத்தக் காயமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் போட்டார்களா என்று வாயைத் திறந்து கேளுங்கள் என்றார். முதல் நாள் விட்டுப்போனாலும் முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். "15 நிமிடமா?" என்று ஒருவர் கேட்க, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள் என்றார் டாக்டர். மஞ்சள் தூள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித் தூள் எதுவும் வைக்கக் கூடாது. (சுண்ணாம்பு வைத்தால் என்ன தப்பு என்று இரண்டு பெரியவர்கள் விடாமல் கேட்டார்கள். காயம் எரிந்து புண்ணாகும், கிருமி போகாது, கழுவ வேண்டிய நேரமும் வீணாகும் என்பது பதில்.) முடிந்தவரை தையல் போடக் கூடாது. டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் அங்கேயே பார்ப்பார்கள்.

ஊசி நாட்கள் பற்றி ஏகப்பட்ட குழப்பம் இருந்தது, காரணம் இரண்டு முறைகள் உண்டு. தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில். தசையில் போடுவது 0, 3, 7, 14, 28 என ஐந்து முறை. 0 என்பது முதல் ஊசி போடும் நாள், கடித்த நாள் அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் தடுப்பூசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் எப்போதோ மலையேறிவிட்டது. பெரியவர்களுக்குத் தோள்பட்டையில், சின்னக் குழந்தைகளுக்குத் தொடையில். பிட்டத்தில் போடக் கூடாது, யாராவது போட வந்தால் மறுத்துவிடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளலாம், தள்ளிப்போடக் கூடாது. கறி, மீன் சாப்பிடத் தடையில்லை. பூனை, குரங்கு கடித்தாலும் இதே கதைதான், எலி, அணில் கடிக்குப் பொதுவாகத் தேவையில்லை. முன்பே முழு ஊசி போட்டவரை மறுபடி கடித்தால் 0, 3 ஆகிய இரண்டு நாள் மட்டும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம், ஆனால் பழைய சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"கடித்து ஒரு மாதம் ஆச்சு, இனிமேல் போய் என்ன பயன்?" என்று பெயர் போடாமல் ஒருவர் கேட்டிருந்தார். டாக்டர் அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், குரல் மாறி, இன்றைக்கே போங்கள் என்றார். நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும், அதற்கு மேலும் ஆகலாம். வெளிப்பட்டுவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. அந்த நபர் இதைப் படித்தால் தயவுசெய்து எனக்கு ஒரு வரி அனுப்புங்கள், யார் என்று வெளியே சொல்ல மாட்டேன், கூட வருவதற்கு ஆள் இருக்கிறது.

வீட்டு நாய் கடித்தால்? ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். நாமே நிறுத்தக் கூடாது.

பிடித்துக்கொண்டு போய் வேறு எங்காவது விட முடியாதா

அதிகம் பேர் கேட்டது, அதிகம் பேருக்குப் பிடிக்காத பதில் வந்தது இதற்குத்தான்.

வழக்கறிஞர் அம்மா சொன்னது: 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி, பிடிக்கும் நாயைக் கருத்தடை செய்து, ரேபீஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லிக்காக உச்ச நீதிமன்றம் எல்லா நாயையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது உண்மை. வாட்ஸ்ஆப்பில் இன்னமும் சுற்றிக்கொண்டிருப்பது அந்த உத்தரவுதான். ஆனால் ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. வெறிபிடித்த அல்லது அப்படிச் சந்தேகப்படும் நாய், மூர்க்கமாகத் தாக்கும் நாய் இவற்றைத் திரும்ப விடக் கூடாது, மற்றவை அதே இடத்துக்கு. வழக்கை நாடு முழுவதற்கும் விரித்திருக்கிறார்கள், இனி மாறலாம், ஆனால் 2025 அக்டோபரில் கூட்டம் நடந்தபோது நிலை இதுதான்.

"நாங்களே வேன் பிடித்துக் கொண்டுபோய் விட்டால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டவருக்கு: சட்ட விரோதம். விஷம் வைப்பது, அடித்துக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதா 325-ன் கீழ் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. இதைச் சங்கக் குழுவில் எழுதினாலே ஆதாரம் ஆகிவிடும் என்று அம்மா சொன்னதும் சாட்டில் சில செய்திகள் காணாமல் போயின.

கால்நடை மருத்துவர் வேறு கோணத்தில் சொன்னார், எனக்கு அது சட்டத்தைவிடப் பலமான காரணமாகப் பட்டது. ஒரு தெருவில் குப்பையும் மீந்த சோறும் இருக்கும் வரை அந்த இடம் காலியாக இருக்காது. ஊசி போட்ட பழைய நாய் போனால் ஊசி போடாத புது நாய் வரும், வந்ததும் எல்லைக்காகச் சண்டை போடும், கடி கூடும். ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போட முடியும், சினைக்காலம் இரண்டே மாதம். பத்து நாயில் மூன்றுக்குக் கருத்தடை செய்துவிட்டு எண்ணிக்கை குறையவில்லையே என்றால் எப்படிக் குறையும்? ரேபீஸைத் தடுக்கவே குறைந்தது 70 சதவீத நாய்களுக்கு ஊசி போட்டிருக்க வேண்டும்.

காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய் என்று அர்த்தம். நம்மில் பலர் அதை ஏதோ சண்டைக் காயம் என்று நினைத்திருக்கிறோம். ஆறு மாதம் ஆகாத குட்டியையும் பால் கொடுக்கும் தாயையும் பிடிக்க மாட்டார்கள், வண்டி வந்தும் பிடிக்காமல் போனார்கள் என்ற புகாரில் சில இதனால்தான்.

சோறு வைப்பவர்கள்

இங்கே கொஞ்சம் சூடு. "வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளட்டும்" என்ற வரி எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அதே நேரம், லிப்ட் வாசலில் சோறு வைக்கிறார்கள், அந்த வழியாகத்தான் என் அம்மா வாக்கர் வைத்துக்கொண்டு போகிறார் என்று எழுதியவர் கேட்டதில் தப்பே இல்லை.

அதே 2023 விதிகளில் விதி 20 இதற்குத் தெளிவாக வழி சொல்கிறது: குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், மாடிப்படி இவற்றை விட்டுத் தள்ளி ஓர் இடம், ஆள் நடமாட்டம் குறைந்த நேரம், இரண்டையும் சங்கமே குறித்துக்கொடுக்க வேண்டும். தெருவில் கண்ட இடத்தில் வைப்பதை ஆகஸ்ட் 22 உத்தரவும் தடுக்கிறது. தகராறு வந்தால் விலங்கு நலக் குழுவுக்குப் போகலாம், அதில் காவல்துறைப் பிரதிநிதியும் இருப்பார்.

தன்னார்வலர் ஒன்று சொன்னார், பேசியவர்களில் எதிர்த்தரப்பும் தலையாட்டியது இதற்கு மட்டும்தான்: சோறு வைப்பவர் கூப்பிட்டால்தான் நாய் வரும், அவரை விரட்டிவிட்டால் பிடிக்கும் வண்டி வரும்போது நாயைத் துரத்திக்கொண்டு நீங்கள்தான் ஓட வேண்டும். சரி, அப்படியானால் வண்டி வரும் அன்று சோறு வைப்பவர்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்றார் தலைவர். தன்னார்வலர் ஒப்புக்கொண்டார்.

வளர்ப்பு நாய்கள்

வருடாந்திர ரேபீஸ் ஊசி, மாநகராட்சி உரிமம், வெளியே வரும்போது கயிறு. இதில் விவாதம் இல்லை. லிப்டில் முதலில் யார் ஏறுவது என்ற கேள்வியை அந்தந்தச் சங்கத்துக்கே விட்டுவிட்டோம்.

முடிவுகள்

1. அக்டோபர் 19-க்குள் ஒவ்வொரு சங்கமும் தன் வளாகத்திலும் வாசல் தெருவிலும் உள்ள நாய்களை எண்ணி, காதில் வெட்டு இருக்கிறதா என்று குறித்து, போட்டோவோடு இணைச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். அதை வைத்து ஒரே மனுவாக மாநகராட்சிக்குக் கொடுக்கிறோம். தனித்தனியாக மாநகராட்சியின் 1913-க்கு அழைப்பதை யாரும் நிறுத்த வேண்டாம், புகார் எண்ணை மட்டும் எங்களுக்கும் அனுப்புங்கள்.

2. சோறு வைக்கும் இடமும் நேரமும் அக்டோபர் மாதத்துக்குள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கறிஞர் அம்மா ஒரு மாதிரிக் கடிதம் எழுதித் தருகிறார்.

3. கடித்தால் செய்ய வேண்டியது பற்றி ஒரு பக்க அறிவிப்பு, தமிழிலும் இந்தியிலும், எல்லா வாட்ச்மேன் அறையிலும். வீட்டு வேலைக்கு வருபவர்கள், டெலிவரி ஆட்கள், காவலாளிகள்தான் அதிகம் கடிபடுகிறார்கள், அவர்களில் ஒருவர்கூடக் கூட்டத்தில் இல்லை என்று ஓர் உறுப்பினர் சுட்டிக்காட்டினார். அவர்கள் கடிபட்டால் ஊசி நாட்களில் சம்பளம் பிடிக்கக் கூடாது என்ற அவருடைய தீர்மானத்துக்கு ஒன்பது சங்கங்கள் ஆதரவு, இரண்டு சங்கங்கள் பொதுக்குழுவில் கேட்டுச் சொல்கிறோம் என்றன.

4. மீந்த சோற்றைத் திறந்த தொட்டியில் கொட்டுவதை நிறுத்துவது. மூடியுள்ள தொட்டி வாங்கும் செலவு அந்தந்தச் சங்கத்துடையது.

பதில் கிடைக்காமல் நிற்பவை: காலி மனைகளில் இருக்கும் நாய்க்கூட்டத்துக்கு யார் பொறுப்பு, நம் பகுதிக்குக் கருத்தடை வண்டி எந்தத் தேதியில் வரும். இரண்டையும் தலைவர் நேரில் போய்க் கேட்டு வருகிறார். அடுத்த கூட்டம் நவம்பர் 2, ஞாயிறு, காலை 10.30. திருத்தம் இருந்தால் வியாழனுக்குள் எனக்கு எழுதுங்கள், குழுவில் போடாதீர்கள்.